மிஷினுக்குச் சாதி தெரியுமா?

"மிஷின் சாதி பாக்காதுங்க, தகுதியத்தான் பாக்கும்" என்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆளெடுக்கிற ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த மிஷினுக்குப் பாடம் நடத்தியது யார் என்பதே என் கேள்வி.

பழைய விண்ணப்பங்களையும் அவற்றில் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற பதிவையும் அதற்குக் கொடுக்கிறார்கள். கூப்பிடப்பட்டவர்களைப் போலிருப்பவர்களுக்கு அது கூடுதல் புள்ளி போடும். சென்னைக் கம்பெனிகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி ஸஹ்ரா சித்திக் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. உயர்சாதிப் பெயர் 100 விண்ணப்பத்தில் பெற்ற அழைப்பை, ஒடுக்கப்பட்ட சாதிப் பெயர் பெறச் சராசரியாக 120 அனுப்ப வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பதிவுகள்தாம் மிஷினுக்குப் பாடப்புத்தகம்.

பெயரை நீக்கிவிட்டால்? ஆவடிப் பையனின் விண்ணப்பத்தில் 'அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்ற வரி நிற்கிறதே. அதன் பொருள் மிஷினுக்குத் தெரியாது. அந்த வரி உள்ளவர்களை முன்பு குறைவாகக் கூப்பிட்டார்கள் என்ற கணக்கு தெரியும், அது போதும்.

சமத் தகுதியுள்ள நூறு நூறு பேரில், அவர்களில் 30 பேரையும் நம்மில் 25 பேரையும் அதிகாரிகள் கூப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். மிஷின் நம் ஒவ்வொருவருக்கும் அரைப்புள்ளி குறைக்கும். மேலேயுள்ள 55 பேர் போதும் என்று கோடு கிழித்தால், அத்தனை பேரும் அவர்களே. நம் 25 பூஜ்யமாகிவிடும். அதிகாரி ஒருநாள் அசந்து நம்மைக் கூப்பிட்டிருப்பார், மிஷின் அசராது.

இதைப் பிடிக்க, ஒரே விண்ணப்பத்தைப் பள்ளிப் பெயரை மட்டும் மாற்றி இருமுறை கொடுத்துப் புள்ளிகளை ஒப்பிட வேண்டும். கம்பெனி உள்ளே விட்டால்தானே! பள்ளிப் பெயரை அழித்தாலும் சேரியின் முகவரி மிச்சமிருக்கிறது.