ரிட்டர்ன் டிக்கெட்

சிங்கப்பூரின் குடும்ப வழக்குத் தீர்ப்புகளில் பெற்றோருக்குப் பெயர் கிடையாது, மூன்று எழுத்துகள் மட்டும்தான். பி.டி.யு. எதிர் பி.டி.டி. என்று தலைப்பு இருக்கும். பிள்ளை வளர்ந்து ஒருநாள் இணையத்தில் தன் பெயரைத் தேடினால் அப்பா அம்மா சண்டை முன்னால் வந்து நிற்கக்கூடாது என்கிற அக்கறை அதில் இருக்கிறது. இந்தியத் தீர்ப்புகள் பலவற்றில் பெற்றோர் பெயர் தலைப்பிலேயே இருக்கும். நான் பேசப்போவது இந்திய வழக்கு ஒன்றைப் பற்றி. ஆனால் இந்த ஊர் வழக்கப்படி பெயர் சொல்லாமல் "கோவை வழக்கு" என்றே வைத்துக்கொள்கிறேன்.

2000இல் சென்னையில் ஒரு கல்யாணம் நடக்கிறது. கணவர் பிரிட்டிஷ் குடிமகன். மனைவியும் அங்கே போய்ப் பின்னர் அந்த நாட்டுக் குடியுரிமை பெறுகிறார். இரண்டு மகள்களும் பிறந்தது அங்கேதான். 2012 ஆகஸ்டில் மனைவி மகள்களைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வருகிறார். செப்டம்பர் தொடக்கத்தில் திரும்ப டிக்கெட் இருக்கிறது. அந்த டிக்கெட்டில் யாரும் ஏறவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் கோவைக் குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு தாக்கலாகிறது. நவம்பரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பிள்ளைகளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாக அறிவித்து, அவர்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறது.

இப்போது ஒரே பிள்ளைகளைப் பற்றி இரண்டு நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு. யார் சொல்வது செல்லும்?

அப்பா சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பிள்ளைகள் இருப்பது பெற்ற தாயிடம், அதை எப்படிச் சட்டவிரோதக் காவல் என்பது? 2013இல் மனு தள்ளுபடி. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகுர், யு.யு. லலித் அமர்வு 2015 பிப்ரவரி 27 அன்று அதை மாற்றியது. பிள்ளைகள் வாழ்ந்த ஊர் இங்கிலாந்து, அந்த நீதிமன்றம்தான் முதலில் திட்டவட்டமாக ஓர் உத்தரவு போட்டது, எனவே அதை மதிக்க வேண்டும் என்றது. அம்மா மகள்களோடு அங்கே போய் வழக்கில் கலந்துகொள்ள வேண்டும், அதற்கான செலவை அப்பா ஏற்க வேண்டும். மகள்கள் யாரிடம் வளர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவேயில்லை. எந்த நீதிமன்றம் அதைச் சொல்லும் என்பதை மட்டும்தான் சொன்னது.

அதற்குள் இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. சின்னப் பிள்ளைக்கு இரண்டரை வருஷம் என்பது புதுப் பள்ளி, புதுத் தோழிகள், பாட்டி வீட்டு மொழி. அதாவது இன்னொரு ஊர்.

2017 ஜூலையில் வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தக் கோவைத் தீர்ப்பின் வாதத்தை ஏற்க மறுத்தது. முதலில் உத்தரவு போட்டது யார் என்பது முக்கியமில்லை, வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு கவனிக்க வேண்டிய பல விஷயங்களில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்றது. படிக்கும்போது இதற்கு எதிராகப் பேச வாயே வராது. பிள்ளையின் நலனுக்கு எதிராக யார் பேசுவார்?

ஆனால் ஒரு கேள்வி. நலனை எந்தத் தேதியில் அளப்பது? விமானம் ஏறிய மறுவாரம் அளந்தால் பழைய வீடுதான் பிள்ளையின் வீடு. மூன்று வருஷம் கழித்து அளந்தால் புது வீடு. எவ்வளவு நாள் இழுக்கிறதோ அவ்வளவு தூரம் பதில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் வாதத்தில் ஜெயிக்கத் தேவையில்லை, வாய்தா வாங்கினாலே போதும்.

1980இல் உருவான ஹேக் உடன்படிக்கை இந்த இடத்தைத்தான் பிடித்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழும் நாட்டிலிருந்து இன்னொரு பெற்றோரின் உரிமையை மீறிக் கொண்டுபோனால், சீக்கிரமாகத் திருப்பி அனுப்பு. யாரிடம் வளர்வது என்பதை அந்த ஊர் பார்த்துக்கொள்ளும். ஒரு வருஷம் தாண்டி மனு போட்டால், பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டதா என்று பார்க்கலாம். திருப்பி அனுப்பினால் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்றால் மறுக்கலாம். சிங்கப்பூரில் இது 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா இன்னும் சேரவில்லை.

லிட்டில் இந்தியாவில் வாரக் கடைசியில் சாமான் வாங்க வரும் ஏதாவது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், மனைவிக்கும் பிள்ளைக்கும் டிபெண்டன்ட் பாஸ். சாங்கியிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரப் பயணம். டிசம்பர் லீவுக்குப் போன மனைவியும் பிள்ளையும் ஜனவரியில் திரும்பவில்லை. கணவர் இங்கே நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். ஆனால் ஹேக் வழி மூடியிருப்பதால், அவர் தமிழ்நாட்டில் ஆட்கொணர்வு மனுவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு என் மனதைக் குடைகிறது. சிங்கப்பூரின் மேல்நிலை நீதிமன்றம் "இவ்வளவு பணம் கொடு" என்று தீர்ப்பளித்தால், அதை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் உள்ளூர்த் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்ற வழி இருக்கிறது. பிள்ளையைப் பற்றிய உத்தரவுக்கு அந்த வழி இல்லை. கடன் சுலபமாகக் கடல் தாண்டுகிறது.

அப்படியென்றால் இந்தியா ஹேக்கில் கையெழுத்துப் போட்டால் தீர்ந்துவிடுமா? இதே குடும்பத்தை மனைவியின் பக்கமிருந்து பாருங்கள். அவருடைய டிபெண்டன்ட் பாஸ் கணவரின் வேலையோடு கட்டப்பட்டது. கணவர் ரத்து செய்யச் சொன்னால் போயிற்று. சொந்த வருமானமோ, வாடகை கட்டப் பணமோ, பக்கத்தில் அக்கா தங்கையோ இல்லை. ஒருவேளை வீட்டில் அடியும் விழுந்திருக்கலாம். அவரைப் பொறுத்தவரை அம்மா வீட்டுக்குப் போனது கடத்தல் இல்லை, தப்பித்தல். ஹேக்கில் சேர இந்தியா தயங்குவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணமும் இந்த மனைவிதான். "சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து வழக்காடு" என்றால், எந்த விசாவில் வருவது, எந்த வீட்டில் தங்குவது?

பிள்ளை வாழ்ந்த ஊரின் நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும், அதுவும் சீக்கிரமாக என்பதுதான் என் கட்சி. பிள்ளையின் டீச்சர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். யார் காலையில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார், யார் கை ஓங்கினார் என்பதற்கான சாட்சி அங்கேதான் கிடைக்கும். ஆனால் "இங்கே வா" என்று கூப்பிடும் நீதிமன்றம், வருகிறவர் நிற்க ஓர் இடத்தையும் தர வேண்டும். வழக்கு முடியும்வரை செல்லும் விசா, தனி வீடு, வக்கீல் செலவு, தேவைப்பட்டால் கணவர் நெருங்கக்கூடாது என்கிற உத்தரவு. இவை கருணை இல்லை, அந்த நீதிமன்றம் தன் அதிகாரத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை. 2015 கோவைத் தீர்ப்பு செலவை அப்பாவின் தலையில் வைத்தது அந்தத் திசையில்தான். மேலே சொன்ன பி.டி.யு. வழக்கில், 2014இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பிள்ளையை ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பியபோதும் தகப்பனிடம் உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டுதான் அனுப்பியது.

இதில் ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஏற்கெனவே மூன்று வருஷம் போய்விட்ட பிள்ளையை என்ன செய்வது? விதியைக் காப்பாற்ற அதைத் திரும்பப் பிடுங்கினால், பெரியவர் செய்ததற்குப் பிள்ளை விலை கொடுக்கிறது. பிடுங்காவிட்டால், அடுத்து விமானம் ஏறப்போகிறவருக்கு வழி காட்டிவிடுகிறோம். முன்னால் நிற்கும் பிள்ளைக்கும் இன்னும் பேர் தெரியாத பிள்ளைக்கும் நடுவில் ஒரே நியாயம் இல்லை. 2017 அமர்வு முன்னால் நின்ற பிள்ளையைப் பார்த்தது, 2015 அமர்வு அதோடு வரப்போகிற பிள்ளைகளையும் பார்த்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமை வருவதே தாமதத்தால்தான். முதல் ஆறு வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அநேகமாக இரண்டு பதிலும் ஒன்றாகவே இருந்திருக்கும்.