இத்தேஹாதா, ஏக்தாவா?

ஒரு ரயில் நிலைய அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். ‘தயவுசெய்து கவனியுங்கள்’ என்று சொல்ல வேண்டும். ‘கிருபயா த்யான் தீஜியே’ என்றால் அது ஹிந்தி. ‘மெஹர்பானி கர்கே தவஜ்ஜோ தீஜியே’ என்றால் அது உருது. கடைசியில் வரும் ‘தீஜியே’ இரண்டிலும் ஒன்றுதான். வினைச்சொற்கள், வேற்றுமை உருபுகள், நான், நீ, வா, போ, நேற்று, தண்ணீர் எல்லாம் பொதுச்சொத்து. சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசும் இருவரில் யார் பேசுவது ஹிந்தி, யார் பேசுவது உருது என்று கேட்டால் பதில் கிடையாது. பேச்சு மேடை ஏறும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. ஒற்றுமை, அரசு, தற்காலிகம், தியாகம் மாதிரியான சொற்களுக்குப் பொதுப்பேச்சில் கையிருப்பு குறைவு. பாரசீக-அரபுக் கடையில் வாங்க வேண்டும், இல்லையென்றால் சமஸ்கிருதக் கடையில். எந்தக் கடைப் பையோடு வருகிறோம் என்பதைப் பார்த்தே நாம் யார் ஆள் என்று கூட்டம் முடிவுகட்டிவிடுகிறது.

அப்படியானால் எல்லோருக்குமான ஓர் அறிவிப்பை எந்தச் சொற்களில் எழுதுவது நியாயம்? வடஇந்தியர்களின் தலைவலி, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வி மலாயாவில், பெரும்பாலும் தமிழர்களைக் கொண்ட ஒரு கூட்டத்தின் முன்னால் வந்திருக்கிறது.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரின் கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். பிரகடனத்தின் மூலம் ஆங்கிலம். அந்த அரசுக்கு ஹிந்துஸ்தானியில் வைத்த பெயர் ‘ஆர்ஸி ஹுகூமத்-எ-ஆஸாத் ஹிந்த்’. தற்காலிகம் என்பதற்கு அரபுச் சொல், அரசு என்பதற்கும் அரபுச் சொல், சுதந்திரம் என்பதற்குப் பாரசீகச் சொல், ஒட்டுவதற்கு நடுவில் ஒரு பாரசீக ‘எ’. இதையே சமஸ்கிருதக் கடையில் வாங்கியிருந்தால் ‘அஸ்தாயி ஸ்வதந்த்ர பாரத் சர்க்கார்’ என்று வந்திருக்கும். (அதிலும் ‘சர்க்கார்’ பாரசீகம்தான். இன்றைக்கும் இந்திய அரசின் ஹிந்திப் பெயர் ‘பாரத் சர்க்கார்’. எவ்வளவு துடைத்தாலும் போகாத சில கறைகள் உண்டு, நல்லவேளை.)

இந்திய தேசிய ராணுவத்தின் குறிக்கோள் வாசகமும் இதே வழிதான்: இத்தேஹாத், இத்மாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். மறுபக்கத்தில் ஏக்தா, விஸ்வாஸ், பலிதான் என்ற மூன்றும் தயாராகவே இருந்தன.

இந்த வாசகத்தைக் கேட்டவர்கள் யார்? போர்க்கைதிகளாகப் பிடிபட்டுச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் ஒரு பக்கம். பஞ்சாபி முஸ்லிம்கள், சீக்கியர்கள், டோக்ராக்கள், கட்வாலிகள் என்று பல பேர். மறுபக்கம் மலாயாவில் புதிதாகச் சேர்ந்த சிவிலியன்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் நிறைய பேர் ரப்பர் தோட்டத்து ஆட்கள். ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களிலும் தமிழ்ப் பெண்களே அதிகம். பினாங்கும் ஓரத்தில் நிற்கவில்லை. இங்கே வக்கீலாக இருந்த என். ராகவன் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். சுயராஜ்ய பயிற்சிப் பள்ளி நடந்ததும் இந்தத் தீவில்தான்.

அந்தத் தோட்டத்து இளைஞனின் காதை வைத்து இரண்டு வாசகங்களையும் கேட்டுப் பார்க்கலாம். ‘ஏக்தா’ என்றால் ‘ஏகம்’ ஞாபகம் வரும். ‘விஸ்வாஸ்’ அப்படியே நம்ம விசுவாசம், அர்த்தம் கொஞ்சம் வழுக்கினாலும். ‘பலிதான்’ என்றால் பலி. முனியாண்டி கோயில் ஆட்டுக்கிடா நினைவுக்கு வந்தாலும் திசை தெரிந்துவிடும். ‘இத்தேஹாத்’, ‘இத்மாத்’ இரண்டும் அவனுக்கு வெறும் சத்தம். ‘குர்பானி’யை மட்டும் தமிழ் முஸ்லிம்கள் உடனே பிடித்துக்கொண்டிருப்பார்கள். மலாயிலேயே ‘கொர்பான்’ இருப்பதால் மற்றவர்களும் கொஞ்சம் ஊகித்திருக்கலாம். ஆக, எத்தனை பேருக்குப் புரியும் என்று தலையை எண்ணினால் மலாயாவில் சமஸ்கிருதப் பட்டியல்தான் ஜெயிக்கும். ஆனாலும் தேர்வானது மற்றது.

காரணம் ஓரளவு பட்டாளப் பழக்கம். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுத்தது ரோமன் எழுத்தில் எழுதிய உருது. ஒரு டோக்ரா இந்துவுக்கு அந்தச் சொற்கள் பள்ளிவாசல் சொற்கள் அல்ல, பாராக்ஸ் சொற்கள். மீதிக் காரணம் அரசியல் என்று நான் வாசிக்கிறேன். 1943-இல் ஒரு பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய்க்கு ‘ஸ்வதந்த்ர பாரத்’ என்பதில் கேட்கக்கூடியது ஒரு நாட்டின் பெயர் மட்டுமல்ல. இதில் எனக்கு இடம் உண்டா என்ற சந்தேகமும் கூடவே கேட்கும். போஸ் 1938 ஹரிபுரா காங்கிரஸ் உரையிலேயே ஹிந்தி, உருது என்ற பிரிவினை செயற்கையானது என்று சொன்னவர். இரண்டும் கலந்த அன்றாடப் பேச்சையும் ரோமன் எழுத்தையும் பரிந்துரைத்தவர். எழுத்தை ரோமனாக்கினால் கண்ணுக்குத் தெரியும் சண்டை தீர்ந்துவிடும். காதுக்குக் கேட்கும் சண்டைக்கு அந்த மருந்து போதாது. ஏதாவது ஒரு சொல்லை வாயைத் திறந்து சொல்லித்தானே ஆக வேண்டும்?

நான் இந்தத் தேர்வின் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. புரியாத சொல்லை விளக்கிவிடலாம். பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொன்னால் ‘இத்தேஹாத்’ ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். என்னை வெளியே நிறுத்துகிறது என்று ஒருவர் உணரும் சொல்லை எத்தனை விளக்கம் சொல்லியும் சரிசெய்ய முடியாது. அதற்கு அர்த்தம் அவருக்கு நன்றாகவே தெரியும், தொந்தரவே அதுதான்.

நிபந்தனை இது: இந்த வாதம் பெயருக்கும் உறுதிமொழிக்கும் மட்டும் செல்லும். ஒரு தடவை கற்றுக்கொண்டு பல தடவை சொல்லும் சொற்கள் அவை. கட்டளையும் எச்சரிக்கையும் வேறு ஜாதி. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் வந்தபோது சனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் ‘பதுங்கு’ என்பதை எந்தக் கடையில் வாங்குவது என்று யோசிக்கவே கூடாது. கேட்பவனின் வீட்டு மொழியில் சொல்ல வேண்டும், முடிந்தது. சமாதானத்துக்காகத் தேர்ந்த சொற்களைக் கட்டளை வரைக்கும் நீட்டினால் சமாதானத்தின் செலவை அதில் சண்டையே போடாதவன் கட்டுகிறான். இங்கே கொஞ்சம் அப்படித்தான் ஆனது. ஹிந்துவா முஸ்லிமா என்ற காதுச் சண்டை தமிழனுடையது அல்ல. இருந்தும் பால்மரம் வெட்டிவந்த கையோடு உட்கார்ந்து ஹிந்துஸ்தானி படித்தவன் அவன்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவனும் முணுமுணுத்ததாகப் பெரிதாகத் தெரியவில்லை. முணுமுணுக்காதவனின் கணக்கில் செலவை எழுதுவது எல்லா இயக்கங்களுக்கும் சுலபம்.

இயக்கம் ஒரே கடையில் மட்டும் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாகூர் பாடலைத் தழுவி ஆக்கிய அவர்களுடைய தேசிய கீதம் ‘சுப் சுக் செயின்’ என்று தொடங்கும். சுபம், சுகம் இரண்டும் சமஸ்கிருதம். அதை எழுதியதில் ஆபித் ஹசனுக்கும் மும்தாஜ் ஹுசைனுக்கும் பங்குண்டு. ‘ஜெய் ஹிந்த்’ என்பதில் முதல் பாதி சமஸ்கிருதம், இரண்டாம் பாதி பாரசீகம். அதையும் ஹைதராபாத்காரரான ஆபித் ஹசன் பெயரிலேயே சொல்கிறார்கள். நம்ம ‘ருக்குன் நெகாரா’ இதே மாதிரி ஓர் ஒட்டுதான்: ருக்குன் அரபு, நெகாரா சமஸ்கிருதம். 1970-இல் அறிவித்தபோது அது எந்தக் கடைச் சரக்கு என்று இங்கே யாரும் பில் கேட்கவில்லை. இரண்டுமே மலாயாகப் பழகி நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவில் அந்தப் பழக்கத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அரசியலமைப்பின் 351-ஆம் பிரிவு ஹிந்துஸ்தானியின் வடிவங்களை உள்வாங்கச் சொல்கிறது. புதுச்சொற்களுக்கு மட்டும் முதலில் சமஸ்கிருதத்திடம் போ, பிறகு மற்ற மொழிகளிடம் போ என்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உருது பாரசீகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

ஒரு காதுக்கு இந்தச் சொல் எந்தக் கடையுடையது என்று காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் நான்கைந்து ஒலிகள்தான்: தொண்டையில் பிறக்கும் ‘க்’, காற்றோடு வரும் ‘க்’, ‘ஸ’வும் ‘ஜ’வும் இல்லாத அந்த இழுக்கும் ஒலி, உதட்டுப் ‘ஃப்’. தோட்டத்துத் தமிழன் இவற்றில் எதையும் சரியாக உச்சரித்திருக்க மாட்டான். ‘ஆசாத் ஹிந்து’, ‘இத்தியாது’, ‘குருபானி’ என்றுதான் வந்திருக்கும். லக்னோவிலிருந்து வந்த ஒருவர் அதைக் கேட்டு, இவன் எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடிக்க ரொம்பச் சிரமப்பட்டிருப்பார்.