பதற்றத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அழைப்பு வரக் காத்திருக்கும் குண்டசாலை மாணவியிடம் ‘பதற்றப்படாதே’ என்று சொல்வது பெரும்பாலும் வீண். ஓட்டத்துக்கு வேகமான இதயத்துடிப்பு வேண்டும். அதை அடக்க முயல்வதே தனிச் சுமையாகிவிடும். அமெரிக்க ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுமுன் ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்றவர்கள் ‘பதற்றமாக இருக்கிறேன்’ என்றவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். மேடைப்பேச்சில், ‘அமைதியாக இருக்கிறேன்’ என்றவர்களையும் உற்சாகக்காரர்கள் முந்தினார்கள். துடிப்பு மாறவில்லை, அதற்கு இட்ட பெயர்தான் மாறியது.

பாட்டும் பேச்சும் ஓட்டமாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அதனால் பயிற்சியிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. அத்தோடு பதற்றத்துக்கு ஒரு சிறு வேலையும் கொடுங்கள். காலணி நாடாவை இறுக்குதல், உள்ளிழுப்பதைவிட நீளமாக இருமுறை மூச்சு விடுதல், ‘தரையைத் தள்ளு’ என்று மனதுக்குள் சொல்லுதல்: இதே வரிசை ஒவ்வொரு பயிற்சித் தொடக்கத்துக்கும் முன் வரட்டும். போட்டியன்றுதான் முதன்முதலாகச் செய்தால், அது நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு விஷயமாகிவிடும். இலக்கு பார்த்துச் சுடுவது போன்ற, கை நடுங்கக் கூடாத விளையாட்டுகளில் மூச்சுக்கே கூடுதல் நேரம் தேவை. ஒரு படி தவறியதும் பிள்ளை கலங்கி முதலிலிருந்து தொடங்கினால், அது மூடநம்பிக்கையாகிவிட்டது என்று பொருள். ஒரு மூச்சு, ஒரு சொல் என்று சுருக்கிவிடலாம்.