எரிந்து விழுகிறாரா, எரிகிற உலை முன்னால் நிற்கிறாரா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் போனில் நாலைந்து வாட்ஸ்அப் குரூப்பாவது இருக்கும். ஷிப்டுக்கு ஒன்று, மெயின்டனன்ஸுக்கு ஒன்று, லாரி லோடுக்கு ஒன்று, கம்பெனி பஸ்ஸுக்கு ஒன்று. அவற்றில் வருவதைத் தனியாக எடுத்துப் படித்தால், இங்கே எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார்கள் என்றுதான் தோன்றும். ‘லோடு எங்க.’ ‘யார் சொன்னது.’ ‘உடனே வா.’ ‘எத்தனை தடவை சொல்றது.’ இந்த நாலில் முதல் மூன்றில் கோபம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. நாலாவதில் இருக்கிறது. அதில்தான் பழைய கணக்கு ஒன்று எட்டிப் பார்க்கிறது.

ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தம்பி, பொன்னேரி தாண்டி ரயில் போய்க்கொண்டிருந்தபோது போனை என் பக்கம் நீட்டினான். “பாருங்கண்ணா, குரூப்ல எல்லார் முன்னாடியும் எப்படிக் கேக்குறார்னு.” கேட்டவர் உலைப் பிரிவு சூப்பர்வைசர். ‘சாவி எங்க.’ அடுத்த நிமிடம், ‘சீக்கிரம்.’ அவ்வளவுதான். பெயர் இல்லை, ஒரு வணக்கம் இல்லை, கேள்விக்குறிகூட இல்லை. தம்பி பதிலைத் தட்டச்சு செய்துவிட்டான், அனுப்பவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது.

அந்த நேரத்தில் உலைக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்கலாம். இந்தப் பக்கம் பழைய இரும்பை உருக்கிக் கம்பிக்கான பில்லெட் வார்க்கும் ஆலைகள் நிறைய. மின்தூண்டல் உலையில் இரும்பு உருகி 1600 டிகிரியை ஒட்டி வந்ததும், ஒரு கரண்டி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். ரிசல்ட்டில் சிலிக்கான் குறைவு என்று வந்தால் பெர்ரோ சிலிக்கான் போட வேண்டும், மாங்கனீஸ் குறைவு என்றால் அதற்கு உரியது. போட்டுக் கலந்த பிறகுதான் உலையைச் சாய்த்து ஊற்ற முடியும். அந்த மூட்டை ஸ்டோரில் பூட்டிக் கிடந்தால், உருகின இரும்பைச் சூடு இறங்காமல் வைத்துக் காத்திருக்க வேண்டும். கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும், உலையின் உள்பூச்சு தேயும், பின்னால் வார்ப்பு மெஷினில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். ஒரு கைக்கு உறையைக் கழற்றிவிட்டுக் கட்டை விரலால் தட்டுகிறவர் எழுதுவது ‘சாவி எங்க’ என்பதாகத்தான் இருக்கும்.

இது என் ஊகம் மட்டுமல்ல, போனிலேயே சாட்சி இருந்தது. குரூப் வாசகத்துக்கு முன்னால் அதே எண்ணிலிருந்து மிஸ்டு கால்கள் வந்திருந்தன. ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் தம்பிக்குத் தெரியவில்லை. ஆக, அவமானப்படுத்துவதற்காக அவர் குரூப்புக்குப் போகவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கிடைக்காததால், சாவி வேறு யாரிடமாவது இருக்குமா என்று பொதுவில் கேட்டிருக்கிறார். மேலே தள்ளிப் பார்த்தால் அவர் எழுதிய பழைய வாசகங்களும் அதே ரகம். ‘லேப் ரிசல்ட்.’ ‘கிரேன் ஆளு.’ ‘சாப்பாடு வந்துச்சா.’ சாப்பாட்டைக் கேட்கும்போதும் அதே குரல்தான்.

அதே வாரம் அதே தம்பிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, மரியாதையாக இருந்ததால். ‘தாங்கள் அனுப்பிய இருப்பு விவரம் கிடைத்தது. கடந்த மாதமும் இதே தாமதம் ஏற்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். மேலாளரின் பார்வைக்கும் அனுப்பப்படுகிறது.’ எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். வழக்கமாகத் ‘தம்பி’ என்று எழுதும் மனிதர் ‘தாங்கள்’ என்கிறார். போன மாதத்தை இழுக்கிறார். மூன்றாவது ஆளைச் சாட்சிக்கு வைக்கிறார். அவசரத்தில் இருக்கிறவர் எதையாவது விட்டுவிடுவார், கோபத்தில் இருக்கிறவர் எதையாவது சேர்ப்பார். பழைய தப்பு, பார்வையாளர், திடீர் மரியாதை ஆகிய மூன்றில் ஒன்றாவது உள்ளே வந்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுகிறேன். நீளத்தை அளப்பதில்லை.

எழுத்தில் தொனி சரியாகப் போய்ச் சேராது என்பதை அமெரிக்காவில் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், எதிராளி எது எது என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே 50 வந்திருக்கும். குரலில் சொன்னபோது கிட்டத்தட்ட முக்கால்வாசி சரியாகப் போனது. எழுதுகிறவர் காதில் தன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, படிக்கிறவருக்கு அது வருவதில்லை என்பதே காரணம். நம் மனநிலைக்கு ஏற்ற குரலை நாமே பூசிக்கொள்கிறோம். ராத்திரி தூக்கமில்லாமல் ரயிலில் நிற்கிறவனுக்கு எந்தக் குரல் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் தமிழ் கற்றது ஃபோர்மேன் வாயிலிருந்து. ஃபோர்மேன் அவர்களிடம் ‘வா, எடு, குடு, போ’ என்றுதான் பேசினார். அதையே அவர்கள் ஆங்கில எழுத்தில் அடித்து மேனேஜருக்கும் அனுப்புகிறார்கள்: ‘சார் சம்பளம் போடு.’ அதில் ‘சார்’ என்பதுதான் அவர்களுடைய மரியாதை. ‘போடுங்க’ என்று யாராவது அவர்களிடம் பேசியிருந்தால்தானே அவர்களுக்கு அந்த ‘ங்க’ தெரியும்?

எல்லாச் சுருக்கமும் அவசரம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. கோபம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் ஒருவர் வாசகத்தை என் பாணியோடு ஒப்பிடாமல், அவருடைய சென்ற வார வாசகங்களோடு ஒப்பிடுகிறேன். எப்போதும் வளவளவென்று எழுதி, கடைசியில் ஒரு கும்பிடு படம் போடுகிறவர் இன்று வெறும் ‘சரி’ என்றால், அங்கே ஏதோ இருக்கிறது. எப்போதும் ‘சரி’ மட்டும் போடுகிறவர் இன்றும் ‘சரி’ போட்டால் ஒன்றுமில்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் போன் போட்டுவிடுவது நல்லது. “கோவமா சார்?” என்று கேட்கக் கூடாது, உண்மையில் கோபமாக இருக்கிறவரும் “இல்லை” என்றுதான் சொல்வார். வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். தம்பி கவரைப்பேட்டையில் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டான். “டூப்ளிகேட் சாவி ஆபீஸ் டிராயர்ல இருக்கு சார். எத்தனை மூட்டை எடுக்கப் போறீங்க? என்ட்ரி போடணும்.” அந்தப் பக்கம் இரைச்சலுக்கு நடுவே, “ரெண்டுப்பா. நீ மெதுவா வா” என்று குரல் வந்தது. தட்டச்சு செய்து வைத்திருந்த பதிலை அவன் அழித்துவிட்டான்.

கோபமும் இல்லாத, அவசரமும் இல்லாத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதே மனிதர் அதே நிமிடத்தில் தன் மேலதிகாரிக்கு என்ன எழுதுகிறார் என்று குரூப்பில் பாருங்கள். உலை கொதிக்கும்போது மேலதிகாரிக்கும் ‘கரன்ட் போச்சு’ என்றே எழுதினால் அது அவசரம்தான், விட்டுவிடலாம். மேலதிகாரிக்கு மட்டும் ‘குட் மார்னிங் சார், கைண்ட்லி’ என்று அடிக்க நேரம் இருந்து, உங்களுக்கு மட்டும் ‘வா’ என்று வந்தால், நேரப் பஞ்சம் என்று நீங்களே அவருக்கு வக்காலத்து வாங்காதீர்கள். ஷிப்டு முடிந்ததும் நேரில் போய், “சார், எனக்கும் கொஞ்சம் மரியாதையா எழுதுங்க” என்று கேட்டுவிடுங்கள்.