பெயர் பிறகு வரட்டும், நீ முதலில் போ!

செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல் நடிக்காதே! எதிரே வருபவரின் முகம் உனக்குத் தெரியும். பெயர்தான் வரவில்லை. அதற்காகத் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறாயே, நீ என்ன குற்றம் செய்துவிட்டாய்? அந்த மனிதர் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைத்து நிற்கிறார். உனக்கு வழி தெரியும். ஆனாலும் நீ ஒளிகிறாய். வராத ஒரு பெயர், வரவேண்டிய ஓர் உதவியைத் தடுத்து நிறுத்துகிறது. இதை இன்றோடு விடு!

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள். பெயர் மறப்பது உன் அலட்சியத்தால் அல்ல. 1985-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ யங், டென்னிஸ் ஹே, ஆண்ட்ரூ எல்லிஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 22 பேர், ஆட்களை அடையாளம் காண்பதில் தங்களுக்கு அன்றாடம் நேர்ந்த தடுமாற்றங்களை வாரக்கணக்கில் நாட்குறிப்பில் எழுதிவந்தார்கள். ஆள் யார், எங்கே பார்த்தோம், என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தும் பெயர் மட்டும் வராமல் போன சம்பவங்கள் அந்தக் குறிப்புகளில் நிறைய இருந்தன. அதற்கு நேர்மாறாக, பெயர் தெரிந்து, ஆள் யாரென்று தெரியாமல் போன சம்பவம் ஒன்றுகூட இல்லை. முகம் முதலில் வரும், பிறகு ஆளைப் பற்றிய செய்தி வரும், பெயர் கடைசியில்தான் வரும். மனித மனம் வேலை செய்யும் வரிசை அது. வயது ஏற ஏற இந்தத் தடுமாற்றம் கூடும் என்பதும் பிற ஆய்வுகளில் கண்டதுதான். ஐம்பதைத் தாண்டிய வாசகரே, நீங்களும் தலைகுனிய வேண்டாம்!

இடம் மாறினால் இன்னும் சிக்கல். ஜார்ஜ் மேண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-இல் சொன்ன உதாரணம் புகழ்பெற்றது. வழக்கமாகக் கடையில் பார்க்கும் கறிக்கடைக்காரரைப் பேருந்தில் பார்க்கிறோம். நன்றாகத் தெரிந்த முகம், ஆனால் யாரென்று பிடிபடவில்லை. கடையும் கத்தியும் கண்ணெதிரே இல்லாததால் நினைவுக்குக் கொக்கி கிடைக்கவில்லை. ஆகவே, பெயரை விடு. எங்கே பார்த்தோம் என்பதைத் தேடு. அது கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இப்போது ஒரு காட்சிக்குள் வா. மதுரை பெரியாஸ்பத்திரி, காலை நேரம். புறநோயாளிகள் வரிசைக்கு வெளியே மஞ்சள்பையோடு ஒரு பெரியவர். பல ஆண்டுகளுக்கு முன் நீ குடியிருந்த தெருவில் அயர்ன் வண்டி வைத்திருந்தவர். முகம் வந்துவிட்டது, வண்டியும் வந்துவிட்டது, பெயர் வரவில்லை. போ! நேரே போய், உன் பெயரை முதலில் நீயே சொல். "வணக்கம்ண்ணே, நான் செந்தில். பிள்ளையார் கோயில் தெருவுல கடைசி வீடு. எங்க வீட்டுத் துணியெல்லாம் நீங்கதான் தேய்ப்பீங்க." இந்தச் சில வார்த்தைகளில் எவ்வளவு நடக்கிறது பார். அவருக்கும் உன் பெயர் மறந்திருக்கும். அந்தச் சங்கடத்திலிருந்து அவரை நீ முதலில் விடுவித்துவிட்டாய். அதற்குப் பதிலாக அவரும் தன் பெயரைச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டாலும் "அண்ணே" என்ற ஒரு விளி உன்னிடம் இருக்கிறது. நம் ஊரில் வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்?

"என்னைத் தெரியுதா?" என்று மட்டும் கேட்டுவிடாதே! அது வணக்கம் இல்லை, வினாத்தாள். நோயோடு வந்து நிற்பவருக்குப் பரீட்சை வைக்க நீ யார்? அதேபோல, பெயர் தெரியாததை மறைக்க "வீட்டுல அக்கா சௌக்கியமா?" என்று குடும்பத்தை இழுக்காதே. அந்த அக்கா போன மாதம் இறந்துபோயிருக்கலாம். தெரியாத இடத்தில் காலை வைக்காதே. "என்னண்ணே, யாருக்குப் பார்க்க வந்தீங்க?" என்று, கண்ணெதிரே இருப்பதைக் கேள், போதும்.

உதவியையும் மொட்டையாகச் சொல்லாதே. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது உதவியே அல்ல, நழுவும் வழி. அவர் என்ன கேட்பார்? கூச்சப்பட்டு "ஒண்ணுமில்ல தம்பி" என்பார். நீயும் நிம்மதியாகப் போய்விடுவாய். அதற்குப் பதிலாக, "ஓபி சீட்டு போட்டாச்சா? வாங்க, வரிசையில நான் நிக்கிறேன், நீங்க அந்த பெஞ்சுல உட்காருங்க" என்று செய்யப்போவதைச் சொல். மறுப்பது அவருக்குக் கடினமாக இருக்க வேண்டும்!

சீட்டு போடும் இடத்தில் நோயாளியின் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்பார்கள். அங்கே போய் விழித்துக்கொண்டு நிற்காதே. வரிசையில் நிற்பதற்கு முன்பே கேட்டுவிடு. "அண்ணே, முகம் நல்லா ஞாபகம் இருக்கு, பேர் மட்டும் வரமாட்டேங்குது, சொல்லுங்க." தலையைச் சொறியாதே, ஐந்து முறை மன்னிப்புக் கேட்காதே. முதல் நிமிடத்தில் கேட்டால் யாரும் வருந்துவதில்லை. அரை மணி நேரம் உறவு கொண்டாடிவிட்டுக் கேட்டால்தான் வலிக்கும். "இனிஷியல் என்னண்ணே?" என்று சுற்றி வளைக்கும் தந்திரம் வேண்டாம், அவருக்குப் புரிந்துவிடும். ஊகித்து வேறு பெயரைச் சொல்வது இன்னும் மோசம். தவறான பெயர் ஒருமுறை வாயில் வந்துவிட்டால், சரியான பெயர் வரும் வழியையும் அதுவே அடைத்துக்கொள்ளும்.

அவர் "மாரியப்பன்" என்றதும் அந்த நொடியே உரக்கத் திருப்பிச் சொல். "மாரியப்பண்ணே, வாங்க." 1973-இல் மால்கம் பிரென்னர் செய்த ஒரு சோதனையில், ஒருவர்பின் ஒருவராகச் சொற்களை உரக்க வாசித்தவர்கள், தங்கள் முறைக்குச் சற்று முன் வாசிக்கப்பட்டதைத்தான் மோசமாக நினைவில் வைத்திருந்தார்கள். அடுத்து என் முறை என்ற கவலை, காதை அடைத்துவிடுகிறது. பல சமயம் நாம் பெயரை மறப்பதே இல்லை, முதலிலேயே காதில் வாங்காமல் விட்டுவிடுகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நீ போய்ப் பேசுவது வேறு, ஒருவன் உன்னைத் தேடி வந்து "என்ன சார், என்னைத் தெரியலையா?" என்று உன் கூச்சத்தில் குளிர்காய்ந்து அவசரமாகப் பணம் கேட்பது வேறு. அங்கே தயங்காமல் "தெரியல, நீங்களே சொல்லுங்க" என்று நேராகச் சொல். எந்த ஊர், யார் வீடு, எப்போது பழக்கம் என்று விசாரி. உண்மையான பழக்கக்காரர் சொல்லிவிடுவார். மற்றவன் மழுப்புவான், அல்லது கோபப்படுவான். யாராக இருந்தாலும் கூடவே நடந்து வழிகாட்டலாம், படிவம் எழுதித் தரலாம், சாப்பாடு வாங்கித் தரலாம். பணத்தையும் செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணையும் மட்டும் கொடுக்காதே.

நாளைக்கே பேருந்து நிலையத்திலோ ரேஷன் கடையிலோ அப்படி ஒரு முகம் உன் எதிரே வரும். செல்போனைச் சட்டைப் பையில் போடு. நேரே போய் உன் பெயரைச் சொல், அவர் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்!