இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில்

எடிட்டிங் மென்பொருளில் வலது அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் ஒரு ஃபிரேம் நகர்கிறது. ஓடும் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படித் தட்டித் தட்டிப் பார்த்ததில் வந்தது. ஓடவிட்டுப் பார்க்கும்போது "ஏதோ ஜெர்க் அடிக்குது" என்று மட்டும்தான் தோன்றும். நிறுத்திப் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

ஒரு சைக்கிள்காரர் இடமிருந்து வலமாகச் சாலையைக் கடக்கிறார். ஃபிரேமின் அகலம் 1920 பிக்சல். அதைக் கடக்க அவருக்கு 4 நொடி ஆகிறது என்றால் நொடிக்கு 480 பிக்சல். 24 ஃபிரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முந்தையதைவிட 20 பிக்சல் தள்ளி நிற்பார். ஷட்டரை எப்படி வைத்தாலும் இந்த 20 மாறாது.

ஷட்டர் தீர்மானிப்பது வேறொன்றை. அது 1/48 நொடி திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் சைக்கிள் 10 பிக்சல் நகர்ந்துவிடும். அந்த நகர்வு முழுவதும் ஒரே ஃபிரேமில் இழுபட்டுப் பதிகிறது. அதுதான் மோஷன் பிளர். அடுத்த 1/48 நொடி ஷட்டர் மூடியிருக்கிறது. அப்போது சைக்கிள் கடக்கும் மிச்சப் 10 பிக்சல் எங்குமே பதிவாவதில்லை.

தாவல் 20, பிளர் 10, விடுபட்ட இடைவெளி 10. பார்வையாளரின் கண் அந்த இடைவெளியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. நாம் சினிமா என்று பழகியிருக்கும் அசைவு ஏறக்குறைய இந்த விகிதத்தில் அமைந்தது. ஃபிலிம் கேமராவில் சுழலும் வட்டத் தகட்டில் பாதி திறப்பு, பாதி மறைப்பு. 180 டிகிரி ஷட்டர் என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

*

உச்சி வெயிலில் அதே சைக்கிளை ஃபோனில், ஆட்டோவில் விட்டு எடுத்தால் என்ன ஆகும்?

ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப்/16, ஷட்டர் 1/100. இது நல்ல வெயிலுக்கு ஃபிலிம் காலத்து மனக்கணக்கு. ஆனால் பெரும்பாலான ஃபோன் லென்ஸ்களின் துளையைச் சுருக்க முடியாது. எஃப்/1.8 என்றால் எப்போதும் எஃப்/1.8தான். அதன் வழியே எஃப்/16-ஐவிட ஏறத்தாழ 80 மடங்கு வெளிச்சம் நுழைகிறது. வேறு வழியில்லாமல் ஃபோன் ஷட்டரை 1/8000 வரை விரட்டுகிறது.

இப்போது அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் எண்ணிவிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரேமும் நல்ல புகைப்படம். ஆனால் பிளர் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 20 பிக்சலும் இடைவெளியாகவே நிற்கிறது. ஓடவிட்டால் நம் கண் சைக்கிளைப் பின்தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறது. திரையிலோ கூர்மையான விளிம்புகள் நின்று நின்று தாவுகின்றன. வெட்டி வெட்டிப் போவதாக நாம் உணர்வது இதைத்தான்.

1/50-க்கு இறங்க வேண்டுமானால் வெளிச்சத்தை 160 மடங்கு குறைக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் என்.டி. 128 ஃபில்டரை வைத்தால் 1/60-ஐ ஒட்டி வந்துவிடலாம். கண்ணுக்கு அது போதும். நம் ஊரில் 1/48-ஐவிட 1/50 நல்லது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/50-ல் அதில் சரியாக இரண்டு அலை அடங்கி, வெளிச்சம் துடிக்காமல் இருக்கும்.

*

இந்த வெட்டலை வேண்டுமென்றே வரவழைத்தவர்களும் உண்டு. 1998-ல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் கடற்கரைப் போரில், ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி ஷட்டரை 90, 45 டிகிரிக்குக் குறைத்தார். 45 டிகிரியில் நம் சைக்கிளுக்கு பிளர் 2.5 பிக்சல், இடைவெளி 17.5. வெடித்துச் சிதறும் மண் அந்தக் காட்சியில் புகையாகக் கலங்குவதில்லை, துகள் துகளாக நிற்கிறது. பயத்தில் உறைந்தவனின் பார்வைக்கு அது பொருந்துகிறது. ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பொருந்தாது.

எதிர்த்திசையில் போனவர் பீட்டர் ஜாக்சன். 2012-ல் வெளியான முதல் 'ஹாபிட்' படத்தை 48 ஃபிரேமில், 270 டிகிரி ஷட்டரில் எடுத்தார். அதே கணக்கைப் போட்டால் தாவல் 10, பிளர் 7.5, இடைவெளி வெறும் 2.5. பிளரின் அளவு சாதாரண சினிமாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடைவெளிதான் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. அந்தப் படத்தின் அசைவு வீடியோ போல இருந்தது, செட் செட்டாகவே தெரிந்தது என்று பலர் குறைபட்டுக்கொண்டார்கள். கண் நிரப்ப வேண்டியது குறையக் குறைய, பார்ப்பது கதை என்ற உணர்வும் குறைகிறது என்றே நினைக்கிறேன். விளையாட்டை நேரலையில் காட்டும்போது இதே வழவழப்பு வேண்டியதாகிறது, ஏனென்றால் அங்கே நாம் மைதானத்தில்தான் இருக்க விரும்புகிறோம்.

*

ஷட்டர் சரியாக இருந்தும் வெட்டும் படங்கள் உண்டு. அவசரமாக கேமராவைத் திருப்பும் 'பான்' அதில் முதல். சைக்கிள் மட்டும் தாவினால் கண் பொறுத்துக்கொள்ளும். ஊரே தாவினால் பொறுக்காது. ஒரு மரம் ஃபிரேமின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற 7 நொடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய விதி. அப்போது தாவல் சுமார் 11 பிக்சலுக்குள் அடங்கும். பெரிய திரைக்கு அருகில் உட்காருபவருக்கு அதுவும் போதாமல் போகலாம்.

இன்னொன்று கணினியில் நடப்பது. 30 ஃபிரேமில் எடுத்ததை 24 ஃபிரேம் டைம்லைனில் போட்டால், சாதாரண அமைப்பில் ஐந்தில் ஒரு ஃபிரேம் தூக்கி எறியப்படும். சைக்கிள் 16, 16, 16 என்று சீராகப் போய், திடீரென 32 பிக்சல் குதிக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் பிளர் ஒழுங்காகத்தான் இருக்கும், அடிகள்தான் சமமாக இருக்காது.

ஆகவே வெட்டும் படம் கையில் வந்தால் நான் ஓடவிட்டுப் பார்ப்பதில்லை, நிறுத்தித் தட்டுகிறேன். விளிம்பு கத்திபோல் இருந்தால் குறை ஷட்டரில். அடிகள் சமமில்லை, அல்லது ஒரே ஃபிரேம் இருமுறை வருகிறது என்றால் குறை ஃபிரேம் எண்ணிக்கையை மாற்றியதில். இரண்டும் சரி, ஓட்டும்போது மட்டும் வெட்டுகிறது என்றால், திரையைப் பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 ஃபிரேமைச் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு ஃபிரேம் இரண்டு துடிப்புக்கும் அடுத்தது மூன்று துடிப்புக்கும் நிற்கும். அந்தக் குறையை எடிட்டிங்கில் தேடிப் பயனில்லை.

*

கடைசியாக, வீட்டு டிவி. பல டிவிகள் 24 ஃபிரேமுக்கு நடுவே தாமாகவே புது ஃபிரேம்களைக் கற்பனை செய்து 60 ஆக்குகின்றன. தாவல் 8 ஆகிவிடுகிறது, கேமரா பதித்த பிளர் மட்டும் 10 ஆகவே இருக்கிறது. ஒரு ஃபிரேமின் இழுவை அடுத்ததன் மேல் ஏறிக்கொள்கிறது. இடைவெளி என்பதே இல்லை. முகத்துக்கு முன்னால் கை குறுக்கிடும்போது கணிப்பு தவறி, விரல்களைச் சுற்றிக் காற்று கலங்குவதுபோல் தெரியும். பார்த்தவர் சிலரே, பார்த்தபின் மறக்க முடிவதில்லை.

ஒளிப்பதிவாளர் விட்ட இடைவெளி படத்தின் ஒரு பகுதி. எனவே அடுத்த முறை படம் போடுமுன் டிவியின் பிக்சர் செட்டிங்கைத் திறங்கள். சோனியில் Motionflow, எல்ஜியில் TruMotion, சாம்சங்கில் Auto Motion Plus அல்லது Picture Clarity என்று இருக்கும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.