நோட்டைத் திருப்பிப் பாருங்கள்

பீரோவில் புரோநோட்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். தொகையைப் பார்க்க வேண்டாம், அது உங்களுக்கு மனப்பாடம். தேதியைப் பாருங்கள். பிறகு நோட்டைத் திருப்பி, கடன் வாங்கியவர் கையெழுத்தோடு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத் தேதிக்கு மூன்று வருஷம் நெருங்கிவிட்டது, பின்பக்கம் வெறுந்தாளாக இருக்கிறது என்றால், பண்டிகை கழியட்டும், அறுவடை முடியட்டும் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க உங்களுக்கு நேரமில்லை.

கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். இது 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் வைத்த கெடு. "நான் இன்னும் பணத்தைக் கேட்கவே இல்லையே, அதற்குள் எப்படிக் கெடு ஓடும்?" என்று பலர் கேட்கிறார்கள். ஓடும். அப்படிப்பட்ட கடன், கொடுத்த அன்றே திருப்பிக் கேட்கத்தக்க கடன் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. நோட்டே இல்லாத கைமாற்றுக்கும் பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான். இன்ன தேதியில் தருகிறேன் என்று தவணை குறித்த நோட்டாக இருந்தால் மட்டும் அந்தத் தவணைத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2022 ஜூன் 12 அன்று தன் தங்கை மாப்பிள்ளைக்குச் சரக்கு ஆட்டோ வாங்க மூன்று லட்சம் ரூபாய் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு வாங்கிக்கொண்டார் என்று வையுங்கள். எழுதிய நாளைக் கழித்து எண்ணினால், வழக்குப் போடக் கடைசி நாள் 2025 ஜூன் 12. நடுவில், 2024 ஜனவரி 20 அன்று, மாப்பிள்ளை நாற்பதாயிரம் ரூபாயை ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் அதைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். சொந்தக்காரரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்ற கூச்சம். 2025 ஏப்ரலில் பொறுமை போய் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பதில் இல்லை. நேரில் போனபோது, "ஆடி போய் ஆவணி வரட்டும் மச்சான், மொத்தமாக முடித்துவிடலாம்" என்று கூடியிருந்த நாலு பேர் முன்னால் சொன்னார் மாப்பிள்ளை. ஆவணி வந்தது. அதற்கு முன்பே ஜூன் 12 போய்விட்டது.

இவர் கையில் இருப்பவற்றில் எதுவும் கெடுவை ஒரு நாள்கூட நீட்டவில்லை. டைரி இவரே எழுதியது. நோட்டீஸும் இவர் அனுப்பியதுதான். கடன்காரரின் ஒப்புதல் அதில் இல்லை. நாலு பேர் முன்னால் சொன்னது வாய்வார்த்தை. ரொக்கம் கொடுத்தது உண்மைதான், ஆனால் பகுதித் தொகை செலுத்தியதால் கெடு புதிதாக ஓட வேண்டுமானால், செலுத்தியவரின் கையெழுத்திலோ கையொப்பத்திலோ அதற்கு எழுத்து இருக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு கேட்கிறது. எதிராளி கோர்ட்டுக்கே வராமல் இருந்தாலும், காலாவதி என்று வாய் திறக்காமல் இருந்தாலும், நீதிபதி தாமாகவே தேதியைப் பார்த்து வழக்கைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாமே என்றால், அந்த வழி அப்பீலுக்கு உண்டு, புதிதாகப் போடும் சிவில் வழக்குக்கு இல்லை.

இப்போது அதே 2024 ஜனவரி 20-க்குத் திரும்புங்கள். அன்று நோட்டின் பின்பக்கத்தில், "இந்த நோட்டின் பேரில் இன்று ரூ.40,000 வரவு வைக்கக் கொடுத்திருக்கிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருந்தால் கெடு அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம், அதாவது 2027 ஜனவரி 20 வரை ஓடும். பணமே தராமல், "மேற்படி நோட்டுக் கடன் பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் போதும். அது 18-ஆம் பிரிவு சொல்லும் ஒப்புகை. அதில் தொகை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, தருகிறேன் என்ற வாக்குறுதியும் தேவையில்லை. கடன் இன்னும் நிற்கிறது என்பது அந்த எழுத்திலிருந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"நீங்கள் போட்ட வட்டி அநியாயம், பைசா தர மாட்டேன்" என்று கோபமாக எழுதிய கடிதம்கூட, கடன் இருப்பதை அது மறுக்கவில்லை என்றால், ஒப்புகையாக நிற்கக்கூடும். தர மறுத்தாலும் ஒப்புகை ஒப்புகைதான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கடிதம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தன் அண்ணனுக்கு எழுதியதில் உங்கள் கடனைச் சொல்லியிருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் "எல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டேன்" என்று எழுதினால் அது உதவாது, பாக்கி நிற்பதாக அவர் சொல்லவில்லையே. எழுதத் தெரியாதவர் சாட்சி முன் கைநாட்டு வைக்கலாம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதிக்கொடுத்த நோட்டானால் பின்பக்கத்திலும் இருவரிடமும் வாங்குங்கள். ஒருவர் போட்ட கையெழுத்து, அது ஒன்றை மட்டும் வைத்து, மற்றவரைக் கட்டாது. செல்போனில் பணம் அனுப்பிவிட்டார், அதுவே சாட்சி என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பணம் வந்ததற்கு அது சாட்சிதான், ஆனால் சட்டம் தேடுவது எழுத்தை.

ஒப்புகையை நடப்பில் இருக்கும் கெடு முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். 2027 ஜனவரிக்குள் இன்னொன்று எழுதி வாங்கினால் இன்னொரு மூன்று வருஷம், அதற்குள் மற்றொன்று என்று சங்கிலியாகப் போகலாம், ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. கடைசி நாள் மே மாதக் கோர்ட் விடுமுறையில் விழுந்தால், கோர்ட் திறக்கும் அன்று வழக்குப் போடலாம். அந்தச் சலுகை வழக்குப் போடுவதற்கு மட்டும்தான். விடுமுறைக்குள் வாங்கிய ஒப்புகை, கெடு தாண்டிய ஒப்புகையாகவே கருதப்படும்.

தாண்டியே போய்விட்டால் ஒரு வாசல் மிச்சமிருக்கிறது, ஆனால் குறுகலானது. காலாவதியான கடனை அடைப்பதாக எழுத்தில் வாக்குறுதி தந்து கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதைப் புதிய ஒப்பந்தமாக ஏற்கிறது. "மூன்று லட்சம் பாக்கி இருப்பது உண்மை" என்ற வரி இங்கே செல்லாது. "அந்த மூன்று லட்சத்தை நான் தருகிறேன்" என்ற வரி செல்லும். கெடுவுக்கு முன்னால் முதல் வரியே போதுமாக இருந்தது, கெடு போனபின் இரண்டாவது வரி இல்லாமல் காரியம் நடக்காது.

கடன் வாங்கியவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. காலாவதி என்றால் கடன் ஒழிந்துவிட்டது என்று பொருளில்லை. கோர்ட் கதவு மூடிக்கொண்டது, நீங்கள் வாங்கிய மூன்று லட்சம் வாங்கியதுதான். சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. அதனால்தான் காலம் கடந்து நீங்கள் மனமுவந்து கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஆவணி வரட்டும் என்று தேதி பார்த்துத் தவணை சொல்லி, ஜூன் தாண்டியதும் வக்கீலைப் பார்க்கப் போகிறவர்களை நான் அறிவேன். பணம் இல்லாமல் போவது யாருக்கும் வரும், அதில் தலைகுனிவு ஒன்றும் இல்லை. இல்லாதபோது மச்சானைத் தேடிப் போய், "இப்போது முடியவில்லை, நோட்டைக் கொடுங்கள், பின்னால் எழுதித் தருகிறேன்" என்று நீங்களே கேட்டு எழுதுங்கள். எழுதியதை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு எதையும் சேர்த்துவிடாமல் அது உங்களுக்குக் காவல். முழுப் பணத்தையும் அடைத்த அன்று நோட்டைக் கையோடு திரும்ப வாங்காமல் வீட்டுப்படி இறங்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவது கொடுத்தவர்களுக்கு, அதிலும் கெடு இன்னும் சில நாளில் என்று தெரிந்து தூக்கம் கெட்டிருப்பவர்களுக்கு. ரூ.500 வரவு என்று நீங்களே எழுதி, அவர் கையெழுத்தைப் பார்த்துப் போட்டுவிடலாம் என்ற யோசனையை யாராவது உங்கள் காதில் ஓதுவார்கள். செய்யாதீர்கள். இது கோர்ட்டில் எப்படிப் பிடிபடுகிறது என்பது பழைய கதை. வரவு வைத்த தேதி கெடுவுக்கு நாலு நாள் முன்னதாக இருக்கும். மூன்று லட்சக் கடனுக்கு ஐநூறு ரூபாய் வரவு இருக்கும். முன்பக்கக் கையெழுத்து ஒரே ஓட்டமாக ஓடியிருக்க, பின்பக்கத்தில் அதே எழுத்துகள் நின்று நின்று வரையப்பட்டிருக்கும். அன்று அவர் ஊரிலேயே இல்லை என்பதற்கு டிக்கெட்டோ ஆஸ்பத்திரிச் சீட்டோ வரும். நோட்டு கையெழுத்து நிபுணருக்குப் போகும். அதற்குப் பிறகு உண்மையான மூன்று லட்சத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். புரோநோட்டு போன்ற மதிப்பாவணத்தில் போலி செய்வதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை இருக்கிறது. நியாயமான கடனுக்காகப் போய் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டுமா?

கையெழுத்துப் போட மறுக்கிறாரா, ஊரில் இல்லையா, போன் எடுக்கவில்லையா, கெடுவுக்குள் வழக்கைப் போட்டுவிடுங்கள். கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அசல் நோட்டோடு வக்கீலிடம் போங்கள். கடைசி நாள் மாலையில் போய் அவரை ஓடவிட்டால், பிராதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். சொந்தத்துக்குள் வழக்கா என்று தயங்க வேண்டாம். வழக்குப் போட்டபின் கெடுவைப் பற்றிய பயம் இல்லாமல் இருவரும் உட்கார்ந்து பேசலாம், தவணை போடலாம், லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம். அப்படிச் சமரசமாக முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. தங்களுக்குள் கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.